ஜிமிக்கிக்குள் தெரிகிற கூடாரம்



நான் முதன்முதலாக நகைப் படம் எடுக்கப் போனபோது கையில் கொடுக்கப்பட்டது நாகர்கோவில் வடசேரியில் செய்த ஒரு ஜோடி ஜிமிக்கி. வெள்ளியில் அடித்து, தங்கம் ஏற்றி, கெம்புக்கல் பதித்து, குடையின் விளிம்பைச் சுற்றி முத்து கோத்தது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் போடுவார்களே, அந்த வகை. ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, பட்டுத்துணி விரித்து, நல்ல காலை வெளிச்சத்தில் இருபது படம் எடுத்தேன். பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். ஆசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். “தம்பி, இதில உன் நீலச் சட்டை இருக்கு. ஜன்னல் கம்பி இருக்கு. மேலே ஃபேன்கூட இருக்கு. என் ஜிமிக்கி எங்கே?” என்றார்.

இன்றைக்கு நான் பேசப்போவது முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில்தான். அதே மாதிரி ஒரு ஜிமிக்கியையே எடுத்துக்கொள்கிறேன். தோட்டின் தலையிலிருந்து கடைசி முத்துவரை 45 மில்லிமீட்டர் நீளம். குடையின் விட்டம் 22 மில்லிமீட்டர். இதை ஒழுங்காக எடுக்கத் தெரிந்துவிட்டால் வளையலும் அட்டிகையும் இதைவிடச் சுலபம்.

மெருகேற்றிய தங்கம் ஒரு மஞ்சள் கண்ணாடி. அதற்கென்று காட்ட ஒரு முகம் கிடையாது, எதிரே இருப்பதைத்தான் மஞ்சளாக்கிக் காட்டும். தட்டையான கண்ணாடி என்றால் கொஞ்சம் சாய்த்து, வேண்டாததை அப்புறப்படுத்திவிடலாம். அட்டிகையின் பட்டையான பதக்கத்துக்கு இந்தத் தந்திரம் பலிக்கும். ஜிமிக்கிக் குடை உருண்டை. எப்படித் திருப்பினாலும் அதன் ஏதோ ஒரு புள்ளி நேரே உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் புள்ளியில் நீங்களும் கேமராவும் தெரிவீர்கள். அதைச் சுற்றி, கிட்டத்தட்ட அறை முழுவதும் சுருங்கித் தெரியும். கண்ணாடிச் சில்லில் பளபளப்பை வெட்டப் பயன்படும் போலரைஸர் ஃபில்டர் இங்கே உதவாது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அதனால் பெரிதாக வடிகட்ட முடியாது. பலர் அதை வாங்கி ஏமாந்திருக்கிறார்கள், நானும்தான்.

அறையை மறைக்க முடியாது. அதனால் நகைக்கென்று வேறொரு அறை கட்டுகிறோம். லைட் டென்ட் என்பது அதுதான். வெள்ளைத் துணியால் ஆன ஒரு பெட்டி. விளக்குகள் வெளியே, நகை உள்ளே, முன்பக்கம் லென்ஸ் நுழைய ஒரு பிளவு. விளக்கின் ஒளி துணியில் பட்டுப் பரவி, துணியே விளக்காகிவிடுகிறது. நகை எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைதான் தெரியும். இரண்டடிப் பெட்டி இந்த வேலைக்குப் போதும். வாங்க வேண்டும் என்றும் இல்லை. பிளாஸ்டிக் குழாயில் சட்டம் கட்டி வெள்ளை வேட்டியைப் போர்த்தியும் எடுத்திருக்கிறேன். ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு: துணியை இஸ்திரி போட்டிருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்தப் பேச்சிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

டென்ட்டுக்குள் வைத்து எடுத்த முதல் படத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சட்டை போய்விட்டது, ஜன்னல் போய்விட்டது, கூடவே தங்கமும் போய்விட்டது. சுற்றிலும் ஒரே வெள்ளை என்றால் குடையின் வளைவே தெரியாது. மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் போல இருக்கும். பளபளப்பு என்று நம் கண் நம்புவது, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஓர் இருட்டு இருப்பதைத்தான். அதனால் அடைத்த இருட்டில் கொஞ்சத்தை நாமே திரும்ப உள்ளே விட வேண்டும். ஓர் அங்குல அகலக் கறுப்புத் தாள் பட்டை இரண்டு, குடையின் இடமும் வலமும் ஃப்ரேமுக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். குடையின் இரு ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு ஓடும், உருண்டை உடனே உருண்டையாகிவிடும். பட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினால் கோடு தடிக்கும், மெலியும். எவ்வளவு இருட்டு வேண்டும் என்று நான் பத்து நிமிடமாவது விளையாடுவேன்.

அடுத்த தொல்லை, லென்ஸ். டென்ட்டின் பிளவும் அதில் நிற்கும் லென்ஸும் குடையின் நடுவில் ஒரு கரும்பொட்டாகத் தெரியும். இதன் அளவைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் பாதி அளவுக்கு எடுக்கும்போது லென்ஸ் முகப்புக்கும் நகைக்கும் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி இருக்கும். 75 மில்லிமீட்டர் அகல லென்ஸ் முகம், 11 மில்லிமீட்டர் ஆரமுள்ள குடையில், 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பொட்டாக விழும். இதையே 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் இடைவெளி பாதியாகி, அதே அகல முகத்துக்குப் பொட்டு இரண்டு மடங்காகும். நகைக்கு நீள லென்ஸ் நல்லது என்று சொல்வதற்கு முதல் காரணம் இந்தப் பொட்டுதான். வெள்ளை அட்டையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை வெட்டி லென்ஸ் முகத்தில் மாட்டினால் பொட்டு இன்னும் பாதியாகும். ஓட்டையின் விளிம்பு படத்தின் மூலையை இருட்டாக்குகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். மிச்சமுள்ள பொட்டை, குடையைச் சுழற்றி, நகாசு வேலை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் விழ வைத்துவிடுங்கள். அந்த வேலைப்பாட்டின் குழியோடு குழியாக அது கலந்துவிடும்.

நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. டென்ட்டுக்குள்ளேயே சாம்பல் அட்டை வைத்து வெள்ளைச் சமன் எடுங்கள். துணிக்கு ஒரு நிறம் உண்டு, அது வயதாக ஆகப் பழுக்கும். ஜன்னலை மூடுங்கள், இல்லையென்றால் தங்கத்தின் ஒரு கன்னம் நீலமாகும். அப்புறம் ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். தங்கம் சிவப்பை அதிகம் திருப்பி அனுப்பும். மொத்தக் கோடு சாதுவாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்படி வழிந்த இடம் எலுமிச்சம்பழ மஞ்சளாக, வேலைப்பாடு ஒன்றுமில்லாமல் மொழுக்கென்று இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் வராது.

இப்போது கூர்மைக்கு வருகிறேன். கூர்மை வேண்டுமென்றால் அப்பர்ச்சரைச் சிறிதாக்கு என்று எல்லோரும் படித்திருக்கிறோம். நானும் அதை நம்பி, ஒரு கடைக்காக நாற்பது நகைகளை எஃப் 32-இல் எடுத்துக் கொடுத்தேன். சின்னத் திரையில் கண்ணைப் பறித்தன. அவர்கள் அதைக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு அச்சடித்தபோது நாற்பதும் மெல்லிய பனி படிந்த மாதிரி இருந்தன. ஃபோகஸ் தப்பவில்லை, கை ஆடவில்லை. தப்பு துளையில்.

ஒளி சிறிய துளை வழியாக நுழையும்போது சிதறும். ஒரு புள்ளி, புள்ளியாக விழாமல் குட்டி வட்டமாக விழும். 1835-இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார், அந்த வட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். துளை சிறுக்கச் சிறுக்க வட்டம் பெருக்கும். மேக்ரோவில் இன்னொரு கண்ணியும் உண்டு. கிட்டத்தில் எடுக்கும்போது லென்ஸ் சென்சாரிலிருந்து விலகி நிற்பதால், நாம் வைத்த எண்ணைவிட உண்மையான எண் கூடிவிடும். பாதி அளவில் எடுத்தால் ஒன்றரை மடங்கு. எஃப் 32 என்று வைத்தது எஃப் 48 ஆக வேலை செய்யும். அப்போது அந்த வட்டத்தின் விட்டம் 0.064 மில்லிமீட்டர். 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் கேமராவில் ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். ஆக ஒவ்வொரு புள்ளியும் பத்துப் பிக்சலுக்கு மேல் மெழுகப்படுகிறது. எஃப் 8 வைத்தால் இதே வட்டம் மூன்று பிக்சலுக்குள் அடங்கும்.

இங்கே யாராவது ஒருவர் எழுந்து, ஆன்செல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் குழுவுக்கே எஃப் 64 என்று பெயர் வைத்தார்களே என்று கேட்பார். வைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை பெரிய தகடு கேமராக்கள். எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவை அப்படியே தாளில் அமுக்கி அதே அளவில் அச்சிட்டால் அந்த மெழுகல் கண்ணுக்குத் தெரியாது. நாம் தீப்பெட்டியைவிடச் சிறிய சென்சாரில் எடுத்து ஆளுயரத்துக்கு இழுக்கிறோம்.

சரி, எஃப் 32-இல் கூர்மையாவது முழு ஜிமிக்கிக்கும் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. முன் முத்திலிருந்து குடையின் பக்கவாட்டு விளிம்புவரை ஆழம் 13 மில்லிமீட்டர். கறாராகக் கணக்கிட்டால் எஃப் 32-இல் கூர்மையாக வருவது 6 மில்லிமீட்டர் சொச்சம். எஃப் 8-இல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் அப்பழுக்கில்லாதது. ஆகவே எஃப் 8-இலேயே நின்றுகொண்டு, ஃபோகஸை ஒவ்வொரு மில்லிமீட்டராக உள்ளே நகர்த்தி, பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான கீற்றை மட்டும் சேர்த்துத் தைக்கிறோம். இதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். ‘சிறிய துளை’ என்று புத்தகம் சொல்வதை நகைக்கு எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11 என்று படியுங்கள்.

நம் ஜிமிக்கிக்கு எத்தனை படம்? முன் முத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலிருந்து தொடங்கி, பக்கவாட்டு விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டரில் முடித்தால் 15 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் 16 படங்கள். குடையின் பின்பக்க முத்துகளுக்குப் போகாதீர்கள். அவை மங்கலாக இருந்தால்தான் குடைக்குள் வெற்றிடம் இருப்பது தெரியும். அனைத்தையும் கூர்மையாக்கினால் பின்முத்தும் முன்முத்தும் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு தோன்றும்.

ஃபோகஸைத் தானாக நகர்த்தும் வசதி இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. நிக்கான் டி850 2017-இலேயே அதோடு வந்தது. ஆனால் மெனுவில் கேட்கும் நகர்வு அளவு 1, 2, 3 என்று வெறும் எண்ணாக இருக்கும், மில்லிமீட்டர் கணக்கில் இருக்காது. உங்கள் லென்ஸுக்கு அது எவ்வளவு என்று ஒருமுறை அளந்துவிடுங்கள். பள்ளிக்கூட ஸ்கேலை 45 பாகை சாய்த்து வைத்து, பத்து முறை நகர்த்தி எடுத்து, முதல் படத்தில் எந்தக் கோடு கூர்மை, கடைசிப் படத்தில் எந்தக் கோடு கூர்மை என்று பாருங்கள். ஸ்கேலில் 10 கோடு நகர்ந்திருந்தால் ஆழத்தில் 7 மில்லிமீட்டர். பத்தால் வகுத்து, ஒரு காகிதத்தில் எழுதி கேமராப் பையில் ஒட்டிவிடுங்கள்.

வசதி இல்லாத கேமரா என்றால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பலாம். ரெயில் வைத்துக் கேமராவையே நகர்த்துகிறவர்களும் உண்டு. நிஜ அளவைவிடப் பெரிதாக எடுக்கும் பூச்சிப் படங்களுக்கு ரெயில் நல்லது. பளபளப்பான நகைக்கு, இந்த அளவில், எனக்கு அது ஆகாது. கேமரா நகர்ந்தால் குடையில் தெரியும் பிம்பமும் நகரும். ஒவ்வொரு படத்திலும் மினுக்கு வேறு இடத்தில் இருந்தால் தைக்கும் மென்பொருள் எதை நம்பும்?

16 படமும் எடுத்து முடிக்கும்வரை ஜிமிக்கி அசையக்கூடாது. ஜிமிக்கியோ அசைவதற்கென்றே பிறந்தது. ஒற்றை நரம்பில் தொங்கவிட்டால் தானாகவே முறுக்கிச் சுழலும். மீன்பிடி நரம்பு இரண்டை ‘வி’ வடிவில் கட்டித் தொங்கவிடுங்கள், சுழற்சி நிற்கும். ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். கதவைச் சாத்துங்கள். ஜிமிக்கியைத் தொட்ட பிறகு இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். ஷட்டரை இரண்டு விநாடி தாமதத்தில் வையுங்கள். அசைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி, தைத்த பிறகு முத்துகளைப் பார்ப்பது. முத்தின் விளிம்பு இரட்டைக் கோடாக இருந்தால் அசைந்திருக்கிறது. திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

தூசிக்கும் ஒரு சொல். முன்பெல்லாம் மங்கலில் மறைந்த தூசி, ஸ்டாக்கிங்கில் எந்த ஆழத்தில் இருந்தாலும் கூர்மையாக வந்து நிற்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பிரஷால் தட்டி, உலர்த்தி, பருத்திக் கையுறையோடு மாட்டுங்கள். முலாம் பூசிய நகையை ஊறப் போடுமுன் செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு துடைத்தும் படத்தின் மையத்தை நோக்கி எறும்பு வரிசை போலப் புள்ளிகள் ஓடினால் நகையைக் குறை சொல்லாதீர்கள். அது சென்சாரில் உட்கார்ந்திருக்கும் ஒரே தூசி. 16 படத்தையும் அளவு சரிசெய்து அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் அது சற்றே இடம் மாறி வரிசையாகிவிட்டது.

இனி, இஸ்திரி விஷயம்.

ஒரு முறை எல்லாம் சரியாக எடுத்துத் தைத்தேன். முத்து கூர்மை, கெம்பு கூர்மை, நகாசு கூர்மை. குடையின் வழவழப்பான பட்டையில் மட்டும் ஏதோ ஒரு கோடு. பெரிதாக்கிப் பார்த்தால் தையல்! டென்ட் துணியின் தையல், நூல் நூலாக எண்ணலாம். துணி நகையிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கிறது. நான் எடுத்தது வெறும் 15 மில்லிமீட்டர் ஆழம். ஓர் அடி தள்ளியிருக்கும் தையலுக்கு ஃபோகஸ் எப்படிக் கிடைத்தது?

பள்ளியில் குவி ஆடி படித்தோமே, அதுதான். குவிந்த கண்ணாடியில் தெரியும் பிம்பம் கண்ணாடியின் மேல் ஒட்டியிருப்பதில்லை. அதற்குப் பின்னால் நிற்கும். தூரத்துப் பொருளின் பிம்பம் ஆரத்தில் பாதி தூரத்தில் நிற்கும். நம் குடையின் ஆரம் 11 மில்லிமீட்டர். ஆகவே டென்ட் முழுவதும் சுருங்கி, குடையின் தோலுக்கு ஐந்தரை மில்லிமீட்டர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நான் குடையின் முன்தோலை நான்காவது படத்திலேயே தாண்டிவிட்டேன். பக்கவாட்டு விளிம்புக்காக ஃபோகஸை உள்ளே கொண்டுபோனபோது, ஒன்பதாவது படத்தின் பக்கத்தில், தோலுக்குள் இருந்த கூடாரத்தின் மேல் அது போய் விழுந்தது.

மென்பொருளுக்கு இது தெரியாது. எந்தப் படத்தில் மாறுபாடு அதிகமோ அதுதான் கூர்மை என்று அது நம்பும். நான்காவது படத்தில் மெருகின் மெல்லிய மயிர்க்கோடுகள், ஒன்பதாவது படத்தில் தெள்ளத்தெளிவான தையல். அது தையலைத் தேர்ந்தெடுத்தது. ஆசாரி இழைத்த மெருகு மறைந்து, தையல்காரர் அடித்த தையல் வந்துவிட்டது. உங்கள் படத்திலும் இப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க, குடையின் நடுவை முழு அளவுக்குப் பெரிதாக்கி, படங்களை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒரே இடம் இரண்டு முறை கூர்மையாகும். முதல் கூர்மை உலோகம், இரண்டாவது கூர்மை கூடாரம்.

இதற்கு மருந்து மூன்று இடத்தில் இருக்கிறது. எடுக்கும்போதே துணியில் சுருக்கமும் தையலும் நகைக்கு எதிரே வராமல் பார்த்துக்கொள்வது முதலாவது. அடுத்தது கறுப்புப் பட்டை. அதை டென்ட்டுக்குள் வைத்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், பிம்பத்தில் ஃபோகஸ் விழும்போது அதுவும் கூர்மையாகும். அதையே துணிக்கு வெளியே, விளக்குக்கும் துணிக்கும் நடுவில் பிடித்தால் துணியில் மெல்லக் கரையும் நிழலாக விழும். கரைகிற நிழலுக்கு விளிம்பு இல்லை, எந்த ஆழத்திலும் அது கூர்மையாகாது. முன்பு உள்ளே வையுங்கள் என்று சொன்னேன் அல்லவா, தனிப் படத்துக்கு அது சரி. ஸ்டாக்கிங் என்றால் வெளியே. மூன்றாவது, தைத்த பிறகு கையால் திருத்துவது. ஸீரீன் ஸ்டாக்கரிலும் ஹெலிக்கான் ஃபோகஸிலும், குறிப்பிட்ட ஒரு படத்தைத் தேர்ந்து அதன் பகுதியைப் பிரஷால் மேலே தடவும் வசதி உண்டு. குடையின் வழவழப்பான பகுதிக்கு நான்காவது படத்தைத் தடவிவிடுங்கள். மெருகு திரும்பி வரும்.

தைக்கும் முறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஸீரீனில் PMax, DMap என்று இரண்டு. முத்துக்குப் பின்னால் குடை, குடைக்கு முன்னால் கம்பி என்று ஒன்றின்மேல் ஒன்று வரும் இடங்களை PMax நன்றாகப் பிரிக்கும், ஆனால் வழவழப்பான தங்கத்தில் பொடிப்பொடியாகக் கரகரப்பைக் கூட்டிவிடும். DMap தங்கத்தின் நிறத்தையும் வழவழப்பையும் காப்பாற்றும், முத்தின் விளிம்பில் புகை மாதிரி ஒளிவட்டம் விடும். நான் இரண்டையும் ஓட்டுகிறேன். DMap படத்தை அடியில் வைத்து, முத்து விளிம்புகளுக்கு மட்டும் PMax-ஐத் தடவுகிறேன். ஒரு ஜிமிக்கிக்கு இதற்கு அரைமணி நேரம் ஆகும்.

கெம்புக்கல்லை மட்டும் டென்ட் வஞ்சிக்கும். வழவழப்பான சிவப்புக் கல்லின் முகத்தில் வெள்ளைத் துணி பாலாடை போலப் படர்ந்து, சிவப்பு வெளிறிவிடும். வைரம் என்றால் இன்னும் மோசம், சுற்றிலும் வெள்ளை என்றால் அதற்கு மின்னவே தெரியாது. ஆகவே எதையும் அசைக்காமல் இன்னொரு 16 படம். இந்த முறை மேலே கறுப்பு அட்டை மூடி, பக்கத்திலிருந்து ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச். அந்த வரிசையையும் தைத்து, கல் இருக்கும் இடங்களை மட்டும் அதிலிருந்து எடுத்து முதல் படத்தில் வைப்பேன். இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது நாம் ஜிமிக்கியை இப்படியும் அப்படியும் திருப்பித்தானே பார்க்கிறோம்? இல்லாத கல்லை வைத்தால், கல்லின் நிறத்தைக் கூட்டினால், அது ஏமாற்று.

முதல் ஜிமிக்கி எடுத்துப் பல வருடம் கழித்து, இப்படி எடுத்த ஒரு படத்தை அதே ஆசாரியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே பிடித்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு மூன்றாவது முத்துக்கு மேலே விரலை வைத்து, “இந்தப் பொடி சரியா உட்காரல, பாத்தியா? இத நான் அன்னைக்கே கவனிச்சிருக்கணும்” என்றார்.

பக்கத்து அறையில் டென்ட் கட்டி வைத்திருக்கிறேன், ஜிமிக்கி தொங்குகிறது, கேமரா எஃப் 8-இல் இருக்கிறது. நான்கு நான்கு பேராக வந்து பாருங்கள். வெக்கையாகத்தான் இருக்கும், தயவுசெய்து யாரும் ஃபேனைப் போட்டுவிடாதீர்கள்.